ஒருவர் விட்டு ஒருவர்: வட்டத்தில் மிஞ்சுபவரும் இடம் மாறும் 1-உம்

கேள்வி: n பேர் வட்டமாக நிற்கிறார்கள். ஒருவர் விட்டு ஒருவராக வெளியேற்றிக்கொண்டே போகிறோம். கடைசியில் மிஞ்சுபவர் யார் என்று கண்டுபிடிக்க, n-ஐ இரும எண்ணாக எழுதி, முன்னால் இருக்கும் 1-ஐப் பிடுங்கிப் பின்னால் வைத்தால் போதும் என்கிறார்கள். கையால் போட்டால் விடை சரியாக வருகிறது, ஆனால் ஏன் வருகிறது என்று புரியவில்லை. இதையே நிரலாக எழுதினால் 13 பேருக்கு 26 என்று வருகிறது! இரண்டுக்குப் பதில் ஒவ்வொரு மூன்றாவது ஆளை வெளியேற்றினாலும் இந்த வித்தை செல்லுமா?

பதில்:

வீட்டில் சீட்டுக்கட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இதைக் காகிதத்தில் வட்டம் போட்டு அடித்து அடித்துப் பார்ப்பதைவிடக் கையில் செய்து பார்ப்பதே எளிது. ஒரே இனத்தின் 13 சீட்டுகளை மட்டும் பிரித்து, ஆஸ் மேலே, அதன் கீழே 2, 3 என்று வரிசையாக அடுக்குங்கள். 11-ஆவது ஜாக்கி, 12-ஆவது ராணி, அடியில் 13-ஆவதாக ராஜா. இப்போது மேல் சீட்டை எடுத்துக் கட்டின் அடியில் செருகுங்கள். அடுத்த சீட்டை மேசையில் போடுங்கள். அதற்கடுத்ததை அடியில் செருகுங்கள், அதற்கும் அடுத்ததை மேசையில் போடுங்கள். அடியில் செருகுவது ஓர் ஆளைத் தாண்டிப் போவதற்குச் சமம், மேசையில் போடுவது வெளியேற்றுவதற்குச் சமம். வட்டம் சுற்றி வருவதற்குப் பதிலாகக் கட்டு சுற்றுகிறது, அவ்வளவுதான்.

மேசையில் விழும் வரிசை இது: 2, 4, 6, 8, 10, ராணி, ஆஸ், 5, 9, ராஜா, 7, 3. கையில் மிஞ்சுவது ஜாக்கி, அதாவது 11. நீங்கள் கையால் போட்ட கணக்கும் இதையே சொல்லியிருக்கும்: 13 இரும எண்ணில் 1101, முன்னால் இருக்கும் 1-ஐப் பின்னால் கொண்டுபோனால் 1011, அது 11.

காரணத்தைப் பார்க்க, 13-ஐ ஓரமாக வைத்துவிட்டு முதலில் 8 சீட்டுகளோடு ஆடுங்கள். ஆஸ் முதல் 8 வரை. முதல் சுற்றில் 2, 4, 6, 8 விழுகின்றன. ஆஸ், 3, 5, 7 மிஞ்சுகின்றன. இதில் கவனிக்க வேண்டியது எது மிஞ்சியது என்பதல்ல, மேலே எது இருக்கிறது என்பது. மறுபடியும் ஆஸ்தான் மேலே. எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்ததால் சுற்று கச்சிதமாக முடிந்து, முறை ஆரம்பித்த இடத்துக்கே திரும்பிவிட்டது. இப்போது 4 சீட்டுகள், அதுவும் இரட்டைப்படை. 3, 7 விழ, ஆஸ், 5 மிஞ்ச, மேலே மறுபடி ஆஸ். அடுத்து 5 விழுகிறது. ஆஸ் தப்பிவிட்டது.

8 பாதியாகி 4, அது பாதியாகி 2, அது பாதியாகி 1. இரண்டின் அடுக்கில் தொடங்கினால் வழி நெடுக ஒற்றைப்படை எண்ணே குறுக்கிடாது. ஆகவே ஒவ்வொரு சுற்றும் கச்சிதமாக முடியும், யாரிடமிருந்து ஆட்டம் தொடங்கியதோ அவரே தப்புவார். "ஒன்றாம் எண் தப்பும்" என்று இதை மனப்பாடம் செய்துகொள்ளாதீர்கள். "தொடங்குபவர் தப்புவார்" என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல் வேறுபாட்டில்தான் மீதிக் கணக்கு முழுவதும் இருக்கிறது.

இப்போது 13-க்குத் திரும்புங்கள். ஆட்டத்தை முழுதாக ஆடாமல், கையில் 8 சீட்டுகள் ஆனவுடன் நிறுத்துங்கள். அதற்கு 5 சீட்டுகள் விழ வேண்டும்: 2, 4, 6, 8, 10. நிறுத்திவிட்டுக் கட்டின் மேலே பாருங்கள். ஜாக்கி இருக்கும். கையில் இருப்பவை வரிசையாக ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ், 3, 5, 7, 9. யாராவது இப்போது அறைக்குள் நுழைந்தால், அவர் கண்ணுக்குத் தெரிவது 8 சீட்டுகளோடு ஜாக்கியில் தொடங்கும் ஒரு புது ஆட்டம் மட்டுமே. முன்னால் நடந்தது அவருக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. 8 சீட்டு ஆட்டத்தில் தொடங்குபவர் தப்புவார் என்று நமக்குத் தெரியும். ஆக, ஜாக்கி.

பொதுவாகச் சொன்னால், n-க்குள் அடங்கும் மிகப் பெரிய இரண்டின் அடுக்கைக் கழியுங்கள், மீதியை L என்று வையுங்கள். L பேர் வெளியேறிய பிறகு இரண்டின் அடுக்கு மிஞ்சும். ஒருவர் வெளியேறுவதற்கு முறை இரண்டு இடம் நகர்கிறது, ஒருவரைத் தாண்டி ஒருவரைத் தள்ளி. L பேர் வெளியேறும்போது 2L இடங்கள் கடந்திருக்கும். அடுத்து முறை நிற்பது 2L + 1-இல். அவரே விடை.

பலரும் இந்த இடத்தில் ஒரு படியை விழுங்கிவிடுகிறார்கள். 2L இடங்கள் கடந்தோம் என்று சொல்லும்போது, வட்டம் ஒரு முறை முடிந்து இரண்டாம் சுற்றுக்குள் போய்விடவில்லை என்று உறுதி வேண்டும். இரண்டாம் சுற்றில் ஏற்கெனவே சில இடங்கள் காலியாக இருக்கும், அப்போது "இரண்டு இடம் நகர்கிறது" என்ற கணக்கு செல்லாது. நல்லவேளையாக அந்தச் சிக்கல் வருவதே இல்லை. n-க்குள் அடங்கும் மிகப் பெரிய இரண்டின் அடுக்கைக் கழித்ததால், L எப்போதும் அந்த அடுக்கைவிடச் சிறியது. ஆகவே 2L எப்போதும் n-ஐவிடச் சிறியது. முதல் சுற்று முடிவதற்குள்ளேயே நாம் இரண்டின் அடுக்கைப் பிடித்துவிடுகிறோம். 13-இல் ஆஸ் இரண்டாம் முறை மேலே வருவதற்கு முன்பே 8 வந்துவிட்டது அல்லவா, அதுதான்.

இதை இரும எண்ணில் மொழிபெயர்ப்பது இனி ஒரு வரி வேலை. 1101-இல் முன்னால் இருக்கும் 1-இன் மதிப்பு 8. அதை எடுத்துவிட்டால் 101, அதாவது L = 5. கடைசியில் ஓர் இடம் திறந்து எல்லாவற்றையும் இடப்பக்கம் தள்ளினால் 1010, அதாவது 2L = 10. திறந்த இடத்தில் 1 வைத்தால் 1011, அதாவது 2L + 1 = 11. பாருங்கள், முன்னால் எடுத்த 1-உம் பின்னால் வைத்த 1-உம் உண்மையில் ஒன்றல்ல. எடுத்தது எட்டு பேரைக் குறிக்கிறது. வைத்தது "அடுத்த ஆள்" என்பதைக் குறிக்கிறது. இரண்டும் எழுத்தில் 1 என்று இருப்பதால் நம் கண்ணுக்கு ஒரே இலக்கம் முன்னிருந்து பின்னுக்கு நகர்ந்ததுபோலத் தெரிகிறது. பாதி மந்திரம் இந்தத் தற்செயலில் இருக்கிறது.

மீதிப் பாதி தற்செயல் அல்ல என்பதற்கு இன்னொரு வழியிலும் காட்டுகிறேன். எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். இரும இலக்கங்கள் ஏன் இந்த ஆட்டத்துக்குள் வர வேண்டும் என்பதை இந்த வழி நேராகச் சொல்கிறது.

நடுவில் நிறுத்தாமல், ஒவ்வொரு சுற்றாகப் பாருங்கள். ஒரு சுற்றில் இரட்டைப்படை எண்ணிக்கையில் ஆட்கள் நின்றால், 2, 4, 6 என்று பாதிப் பேர் போய்விடுவார்கள், 1, 3, 5 என்று மீதிப் பேர் நிற்பார்கள். மிஞ்சியவர்களுக்கு 1, 2, 3 என்று புது எண் கொடுத்தால், புது எண்ணை இரட்டித்து ஒன்றைக் கழித்தால் பழைய எண் வரும். ஒற்றைப்படையில் ஆட்கள் நின்றால் கடைசி ஆள் தாண்டப்படுவார், அவருக்கடுத்த முதலாம் ஆளும் போய்விடுவார். அப்போது 3, 5, 7 என்று மிஞ்சும். புது எண்ணை இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் பழைய எண்.

ஒவ்வொரு சுற்றிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று: நிற்பவர்கள் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா? கேட்டபின் எண்ணிக்கை பாதியாகிறது. ஓர் எண்ணை இரும எண்ணாக மாற்றும்போது நாம் செய்வதும் அதுவே, இரண்டால் வகுத்து மீதியை எழுதிக்கொள்கிறோம். ஆட்டம் தன் போக்கில் n-இன் இரும இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படித்துக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம். 13 ஒற்றைப்படை, 1. அடுத்துப் 6 பேர், இரட்டைப்படை, 0. அடுத்து 3 பேர், 1. அடுத்து ஒருவர், 1. கீழிருந்து மேலாக எழுதினால் 1101.

இப்போது கடைசியில் மிஞ்சிய ஒருவரிடமிருந்து பின்னோக்கி வாருங்கள். அவர் தனியாக நிற்கும்போது எண் 1. மூவர் இருந்த சுற்றில் அவருடைய எண் 2 × 1 + 1 = 3. அறுவர் இருந்தபோது 2 × 3 − 1 = 5. பதின்மூவர் இருந்தபோது 2 × 5 + 1 = 11. இலக்கம் 1 என்றால் கூட்டுகிறோம், 0 என்றால் கழிக்கிறோம். விரித்து எழுதினால்:

```
13 = 8 + 4 + 0 + 1
11 = 8 + 4 − 2 + 1
```

n-இன் இரும விரிவில் எங்கெல்லாம் 0 இருக்கிறதோ அங்கெல்லாம் சும்மா விடாமல் அந்த இடத்தின் மதிப்பைக் கழித்தால், மிஞ்சுபவரின் எண் வந்துவிடுகிறது. சுழற்றுவதைவிட இது மனக்கணக்குக்கு எளிது என்பது என் எண்ணம். முழுக் கட்டான 52 சீட்டுகளுக்குப் போட்டுப் பாருங்கள். 52 என்பது 110100. 32 + 16 − 8 + 4 − 2 − 1 = 41. மேலிருந்து 41-ஆவது சீட்டு கையில் மிஞ்சும். சுழற்றினால் 101001, அதுவும் 41.

இரண்டு வழியும் ஒன்றே என்பதற்குப் பெரிய நிரூபணம் தேவையில்லை. 0 என்றால் −1, 1 என்றால் +1 என்று மாற்றுவது, ஒவ்வோர் இலக்கத்தையும் இரட்டித்து ஒன்றைக் கழிப்பதற்குச் சமம். எல்லா இலக்கங்களையும் இரட்டித்தால் 2n. ஒவ்வோர் இடத்திலும் ஒன்றைக் கழித்தால், மொத்தத்தில் எல்லா இடங்களிலும் 1 இருக்கும் எண்ணைக் கழித்ததாகும். 13-க்கு இடங்கள் நான்கு, 1111 என்பது 15. ஆக 26 − 15 = 11.

அந்த 26 எங்கோ பார்த்த எண்ணாக இருக்கிறதா? உங்கள் நிரல் தந்த விடை அதுதான். பாதி வழி சரியாகப் போய் நின்றுவிட்டது.

நிரலைப் பார்க்காமலேயே என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். நீங்கள் இயந்திரத்தின் இடச்சுழற்சியைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது பதிவேட்டின் முழு அகலத்தையும் சுழற்றும். 8 பிட் என்று வைத்துக்கொண்டாலும் 13 அங்கே 00001101 என்றுதான் இருக்கிறது. முன்னால் இருப்பது 1 அல்ல, 0. அந்த 0-தான் பின்னால் போயிருக்கிறது: 00011010, அதாவது 26. அகலம் 32 ஆனாலும் 64 ஆனாலும் இதே கதைதான். சுழற்ற வேண்டியது எண்ணுக்கு உண்மையில் தேவைப்படும் இலக்கங்களை மட்டுமே, 13-க்கு நான்கு. இந்தத் தவறு நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க வழி சுலபம். 2L + 1 எப்போதும் ஒற்றைப்படை, எப்போதும் n-க்குள் அடங்கும். இரட்டைப்படை விடையோ n-ஐத் தாண்டிய விடையோ வந்தால் சுழற்சியின் அகலத்தைச் சந்தேகியுங்கள்.

பைத்தானில் இப்படி எழுதினால் போதும்:

```python
def survivor(n):
    m = n.bit_length() - 1
    L = n - (1 << m)
    return 2 * L + 1
```

`bit_length()` என்பதற்குப் பதில் மடக்கை போட்டு m-ஐக் கண்டுபிடிக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது, ஒரு முறை −1-ஆவது ஆள் தப்பினார் என்று விடை வந்த பிறகு விட்டுவிட்டேன். `math.log2(2**53 - 1)` சரியாக 53.0 என்று வருகிறது. உண்மை மதிப்பு 53-க்கு மயிரிழை குறைவு, மிதவைப் புள்ளி எண்ணில் அந்த மயிரிழைக்கு இடமில்லை. m ஒன்று கூடிவிட, L என்பது −1 ஆகி, விடையும் −1 ஆகிவிடும். சரியான விடை n-ஏதான். எல்லா இலக்கமும் 1 ஆக இருக்கும் எண்ணைச் சுழற்றினால் அதே எண்தானே வரும்? 7 பேர், 15 பேர், 31 பேர் என்று நின்றால் கடைசி ஆள் தப்புவார். நிரலைச் சோதிக்க இந்த எண்கள் நல்லவை, இவற்றோடு 8, 16 போன்ற அடுக்குகளையும் போட்டுப் பாருங்கள், அங்கே விடை 1 வர வேண்டும்.

அகலம் பற்றி இன்னொன்று. விடையை மறுபடி மறுபடி சுழற்றினால் நான்கு முறையில் பழைய எண் திரும்பிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். 13-இல் தொடங்குங்கள்: 1101 சுழன்று 1011, அதாவது 11. 11 பேர் நின்றால் யார் என்று கேட்டால் 1011 சுழன்று 0111. இது 7. இப்போது 7 பேர் நின்றால்? நான்கு இலக்க அகலத்தை விடாமல் பிடித்துக்கொண்டால் 1110, அதாவது 14 வரும், ஏழு பேரில் பதினாலாவது ஆள்! முன்னால் வந்த 0 மதிப்பில்லாமல் உதிர்ந்துவிட்டது, 7 என்பது மூன்று இலக்க எண், 111. அதைச் சுழற்றினால் 111. அங்கேயே நின்றுவிடுகிறது. எந்த எண்ணில் தொடங்கினாலும் இப்படித்தான். 0-கள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து உதிர, முடிவில் 1-கள் மட்டும் மிஞ்சும்.

ஆட்டத்தின் விதியிலும் ஒரு கண் வையுங்கள். முதல் ஆளைத் தாண்டி இரண்டாம் ஆளை வெளியேற்றுவதாகத்தான் இதுவரை சொன்னதெல்லாம். சிலர் முதல் ஆளையே முதலில் வெளியேற்றுவார்கள், சீட்டில் முதல் சீட்டையே மேசையில் போடுவது போல. அப்போது எல்லாம் ஓர் இடம் பின்னால் நகர்ந்துவிடும். 13-க்கு 11 அல்ல, 10. அடுக்கு எண்களில் 1-க்கு முந்தைய இடம் 0 என்று ஒன்று இல்லாததால் வட்டத்தின் கடைசி ஆள் தப்புவார், 8 பேரில் எட்டாமவர். ஆட்களை 0-விலிருந்து எண்ணும் நிரல்களில் விடை 2L ஆகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். சுழற்சி வித்தை 1-இலிருந்து எண்ணி, முதல் ஆளைத் தாண்டும் ஆட்டத்துக்கு மட்டுமே.

இனி மூன்றாவது ஆள். இந்தக் கணக்கோடு ஒட்டிவரும் ஜோசபஸ் கதையில் வருவது உண்மையில் இந்த மூன்றாவது ஆள்தான். பொது ஆண்டு 67-இல் யோத்பாத் கோட்டையை ரோமானியர் பிடித்தபோது, யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸும் 40 பேரும் ஒரு குகையில் ஒளிந்திருந்தார்கள். பிடிபடுவதைவிட ஒருவரையொருவர் கொன்றுகொண்டு சாவது மேல் என்று மற்றவர்கள் முடிவுகட்டினார்கள். அவரே எழுதிவைத்ததில் சீட்டுக் குலுக்கினார்கள் என்றுதான் இருக்கிறது. வட்டமும், மூவரில் ஒருவர் என்ற எண்ணிக்கையும் பிற்காலக் கணிதக்காரர்களின் கைச்சரக்கு. அவர்கள் கணக்குப்படி 41 பேரில் மூன்றாவது ஆளாக வெளியேற்றிக்கொண்டே போனால் 31-ஆவது இடத்தில் நின்றவர் கடைசியில் மிஞ்சுவார், அவரோடு கடைசி இருவரில் ஒருவராக 16-ஆவது ஆள் நிற்பார்.

ஒருவர் விட்டு ஒருவர் என்றால் 41 = 101001, சுழற்றினால் 010011, விடை 19. கடைசி இருவரில் மற்றவர் யார் என்பதும் நாம் பார்த்த முறையிலேயே வந்துவிடும். 41-இல் 32-ஐக் கழித்தால் 9. 9 பேர் போனபின் 32 பேரோடு 19-ஆவது ஆளிடமிருந்து புது ஆட்டம். 32 பேரில் தொடங்குபவருக்கு நேரெதிரே, அதாவது 16 ஆட்கள் தள்ளி நிற்பவர் கடைசிச் சுற்று வரை வருவார். 19 முதல் எல்லோரும் இன்னும் நிற்பதால் 19 + 16 = 35. நண்பரைக் காப்பாற்ற நினைத்தால் 35-இல் நிறுத்துங்கள். 13 சீட்டு ஆட்டத்தில் ஜாக்கிக்கு முன் கடைசியாக விழுந்தது 3, அங்கேயும் இதையே சரிபார்க்கலாம்: ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ், 3. நான்கு தள்ளி.

ஒவ்வொரு மூன்றாவது ஆளையும் வெளியேற்றும்போது இயல்பாகத் தோன்றுவது மும்ம எண்ணாக எழுதிச் சுழற்றலாமே என்பது. 41 மும்மத்தில் 1112. சுழற்றினால் 1121, அதாவது 43. 41 பேரில் 43-ஆவது ஆள் இல்லை. 5 பேருக்கு 12 சுழன்று 21, அதாவது 7, உண்மை விடை 4. இடிந்துபோவது எங்கே என்று பார்த்தால் அடித்தளத்திலேயே. இருவரில் ஒருவர் போகும்போது பாதி மிஞ்சுகிறது. 8 பேர் 4 ஆகிறார்கள், அதுவும் இரண்டின் அடுக்கு. மூவரில் ஒருவர் போகும்போது மிஞ்சுவது மூன்றில் இரண்டு பங்கு. 9 பேர் 6 ஆகிறார்கள். 6 மூன்றின் அடுக்கு அல்ல. 6 பேர் 4 ஆகிறார்கள், அது மூன்றால் வகுபடவே இல்லை, சுற்று நடுவில் முறிந்து முறை வேறிடத்துக்குப் போய்விடுகிறது. "தொடங்குபவர் தப்புவார்" என்று சொல்ல ஒரு வசதியான எண் அங்கே கிடைப்பதில்லை. மூன்றே பேர் நின்றால்கூட 3 போய், அடுத்து 1 போய், நடுவில் நிற்கும் 2 தப்புகிறார்.

ஆகவே மூன்றுக்கும் அதற்கு மேலும் குறுக்குவழி தேடாமல் ஒவ்வோர் ஆளாகக் கட்டியெழுப்புவதே நல்லது. ஒவ்வொரு k-ஆவது ஆளும் வெளியேறுவதாக வையுங்கள். ஒருவர் வெளியேறியதும், அவருக்கு அடுத்தவரை முதலாமவராகக் கொண்டு ஓர் ஆள் குறைந்த புது வட்டம் கிடைக்கிறது. அந்தச் சிறு வட்டத்தில் மிஞ்சுபவரின் இடம் தெரிந்தால், k இடங்கள் தள்ளி எண்ணினால் பெரிய வட்டத்தில் அவர் இடம் வந்துவிடும், வட்டம் முடிந்தால் சுற்றிக்கொள்ள வேண்டும். 0-விலிருந்து எண்ணினால் எழுதுவது எளிது, கடைசியில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம்:

```python
def last(n, k):
    p = 0
    for i in range(2, n + 1):
        p = (p + k) % i
    return p + 1
```

`last(41, 3)` என்றால் 31, `last(13, 2)` என்றால் நம் ஜாக்கி. n எவ்வளவோ அத்தனை படிகள் இதற்கு வேண்டும், ஆயிரம் பேருக்கு ஆயிரம் படி, கணினிக்கு அது ஒரு பொருட்டல்ல. k = 2 என்று வைத்து, p-இன் மதிப்பை ஒவ்வொரு சுற்றிலும் அச்சிட்டுப் பாருங்கள். i = 8 வரும்போது 0, பிறகு 2, 4, 6, 8, 10 என்று இரண்டிரண்டாக ஏறி, i = 15-இல் 14-ஐத் தொட்டு, i = 16-இல் மறுபடி 0-வுக்கு விழும். k = 3 என்று மாற்றினால் அந்த ஏற்றமும் விழுதலும் ஒழுங்கில்லாமல் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.